நிறக்குருடு உள்ளவர்களும் ஆடும் சீட்டுக்கட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டப் பட்டணங்களில் 304 ஆடும் குழுக்களுக்காக எழுதியது இது. உதாரணங்கள் 32 சீட்டுக் கட்டை வைத்தே வருகின்றன: நான்கு ஜாதி, ஒவ்வொன்றிலும் 7 முதல் ஆஸ் வரை எட்டுச் சீட்டு. ரம்மிக்கு 52 சீட்டுக் கட்டு செய்தாலும் அளவும் நிறமும் இவையேதான்.

சிவப்பும் கறுப்பும்தானே இருக்கு, அதுகூடவா தெரியாது?

சிலருக்குத் தெரியாது. கண்ணின் பின்திரையில் நிறம் உணரும் செல்கள் மூன்று வகை. அவற்றில் நீண்ட அலைகளை, அதாவது சிவப்புப் பக்கத்தை, வாங்கும் வகை இல்லாதவருக்குச் சிவப்பு என்பது இன்னொரு நிறமாகத் தெரிவதில்லை, இருட்டாகத் தெரியும். அடர் சிவப்பில் அச்சடித்த ஆர்ட்டினை அவர் மங்கிய விளக்கில் பார்த்தால் அது கறுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இவர்களைச் 'சிவப்பு வகை' என்று இந்தப் பக்கத்தில் சொல்வோம்.

நடு அலைகளை வாங்கும் வகையில் குறை உள்ளவர்கள் இன்னும் அதிகம். அவர்களைப் 'பச்சை வகை' என்போம். இவர்களுக்குச் சிவப்பு இருட்டாவதில்லை, அதனால் சாதாரணக் கட்டில் சிவப்பு கறுப்பு பிரித்துவிடுவார்கள். இவர்களுக்குக் குழப்பம் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் வரும்போதுதான்: இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்பாகிவிடும்.

இந்த இரண்டு வகையும் தாய்வழி எக்ஸ் குரோமோசோம் மூலம் வருவதால் ஆண்களிடையே அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் உண்டு, ஆசியர்களிடையே கொஞ்சம் குறைவு. நீலம் மஞ்சள் குழம்பும் மூன்றாவது வகை மிக அரிது.

நாலு நிறக் கட்டு கடையிலேயே விற்கிறதே, அதை வாங்கினால் போதாதா?

போதாது, சில சமயம் நிலைமை மோசமாகும். போக்கர் ஆடுபவர்களிடையே பரவிய நாலு நிற முறையில் இஸ்பேட் கறுப்பு, ஆர்ட்டின் சிவப்பு, டைமன் நீலம், கிளாவர் பச்சை. இது முக்கியமாக நல்ல கண் உள்ளவர்களின் வேகத்துக்காக வந்த ஏற்பாடு. ஐந்து சீட்டும் ஒரே ஜாதியா என்பதை ஒரு பார்வையில் பிடிக்க அது உதவும். ஆனால் பழைய இரு நிறக் கட்டில் இல்லாத ஒரு சிக்கலை அது கொண்டுவருகிறது: சிவப்பு ஆர்ட்டினும் பச்சைக் கிளாவரும்.

ஒரு கட்டை எடுத்துக்கொள்வோம். ஆர்ட்டின் அடர் சிவப்பு, `#C00000`. கிளாவர் காட்டுப் பச்சை, `#228B22`. மேசையில் இரண்டு பேர், ஒருவர் பச்சை வகை, மற்றவர் சிவப்பு வகை. பச்சை வகைக்காரருக்கு ஆர்ட்டினும் கிளாவரும் இரண்டு பழுப்பு. சிவப்பு வகைக்காரருக்கு ஆர்ட்டின் கறுத்துப்போய் இஸ்பேட்டோடு சேர்ந்துவிடுகிறது. ஒரே கட்டு, இரண்டு பேரும் இரண்டு வேறு இடங்களில் தவறுகிறார்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டுத் திருத்தினால் மற்றவருக்கு அப்படியே இருக்கும்.

304-இல் இதன் விலை பெரியது. கேட்ட ஜாதி கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். 30 புள்ளி பெறும் கிளாவர் ஜாக்கியை ஆர்ட்டின் என்று நினைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு வேறு சீட்டைப் போட்டால், எதிரணி அதை ஏமாற்று என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் எந்த நிறங்களைத்தான் போடுவது?

ஜப்பானிய ஆய்வாளர்கள் மசதாகா ஒகாபே, கெய் இதோ இருவரும் நிறக்குருடு உள்ளவர்களும் பிரித்தறியக்கூடிய எட்டு நிறங்களை வகுத்தார்கள். அதிலிருந்து நான்கை எடுத்தால் கடைக் கட்டின் பழக்கத்தையும் கெடுக்க வேண்டியதில்லை, கைபேசியில் ஆடுகிறவர்கள் புதிதாக மனப்பாடம் செய்யவும் வேண்டாம்.

```
இஸ்பேட்    #000000   C0   M0   Y0    K100
ஆர்ட்டின்   #D55E00   C0   M80  Y100  K0
டைமன்     #0072B2   C100 M50  Y0    K0
கிளாவர்    #009E73   C97  M0   Y75   K0
```

ஆர்ட்டின் இங்கே ரத்தச் சிவப்பாக இல்லாமல் செங்கல் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். அந்த ஆரஞ்சுச் சாய்வுதான் சிவப்பு வகைக்காரருக்கு அதைக் கறுப்பிலிருந்து தூக்கிக் காட்டுகிறது. கிளாவரின் பச்சையில் நீலம் கலந்திருக்கிறது. பச்சை வகைக்காரருக்கு ஆர்ட்டின் மஞ்சள் கலந்த பழுப்பாகவும், கிளாவர் நீலம் கலந்த சாம்பலாகவும் தெரியும். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் இரண்டும் வேறு என்பது தெரிந்துவிடும்.

ஜெர்மனியில் ஸ்காட் போட்டிகளுக்கு வேறொரு நாலு நிற ஏற்பாடு உண்டு: இஸ்பேட் பச்சை, டைமன் மஞ்சள், கிளாவர் கறுப்பு, ஆர்ட்டின் மட்டும் சிவப்பு. அது அவர்களுடைய பழைய இலை, மணி, கருவாலிக் கொட்டைச் சீட்டுகளை ஒட்டி வந்தது. அதிலும் சிவப்பும் பச்சையும் இருக்கின்றன. நம் ஊரில் அதைக் கொண்டுவந்தால் எல்லோருமே குழம்புவார்கள், வேண்டாம்.

கிளாவர் பச்சை வெளுப்பாக இருக்கே, இன்னும் கொஞ்சம் இருட்டாக்கலாமா?

செய்யாதீர்கள். நல்ல கண்ணுக்கு அந்தப் பச்சையும் அந்த ஆரஞ்சும் ஏறத்தாழ ஒரே வெளிச்ச அளவில்தான் இருக்கின்றன. அதனால் ஒன்றை இருட்டாக்கினால் வித்தியாசம் கூடும் என்றுதான் தோன்றும். ஆனால் சிவப்பு வகைக்காரரின் கண்ணில் ஆரஞ்சு ஏற்கெனவே இருண்டுவிட்டது. பச்சையையும் இருட்டாக்கினால் அது இறங்கிப்போய் ஆரஞ்சின் பக்கத்திலேயே நிற்கும். அவருக்கு இருந்த முக்கியமான பிடியை எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வெளுப்பாக்குவதும் ஓர் எல்லை வரைதான். வெள்ளைத் தாளில் குறி பளிச்சென்று தெரிய 3:1 வெளிச்ச வேறுபாடாவது வேண்டும். இந்தப் பச்சைக்கு அது 3.4:1. ஆக இருக்கிற இடமே சரியான இடம்.

வடிவம்தான் நாலும் வேறு வேறாச்சே, நிறத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

பெரிய ஆஸில் வேறுதான். மூலையில் 4 மில்லிமீட்டருக்குச் சுருங்கிய குறியில் அப்படி இல்லை. ஆர்ட்டினைத் தலைகீழாகத் திருப்பி ஒரு காம்பு ஒட்டினால் அதுதான் இஸ்பேட். எந்தச் சீட்டிலும் கீழ்ப் பாதிக் குறிகள் தலைகீழாகத்தான் அச்சாகின்றன, அதனால் ஆர்ட்டின் ஒன்பதில் கீழே இருப்பவை காம்பில்லாத இஸ்பேட்டுகள்! கிளாவரின் மூன்று உருண்டைகளும் சின்ன அளவில் ஒட்டிக்கொண்டு, முனை மழுங்கிய இஸ்பேட்டாகிவிடும். நல்ல கண் உள்ளவர் இதைக் கவனிப்பதே இல்லை, நிறம் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. அந்த உதவி இல்லாதவர் வடிவத்தை மட்டுமே நம்பி நிற்கிறார்.

செம்பனையில் குலை வெட்டுகிறவர் நிறத்தை மட்டும் பார்த்து வெட்டுவதில்லை. மரத்தடியில் உதிரிப் பழம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார். பழத்தின் சிவப்பு சரியாகத் தெரியாதவருக்கும் அந்த உதிரி பொய் சொல்லாது. சீட்டிலும் அப்படி நிறம் சாராத இரண்டாவது அடையாளம் ஒன்று வேண்டும்.

அந்த இரண்டாவது அடையாளம் என்ன?

எங்கள் தேர்வு: ஆர்ட்டினும் டைமனும் உள்ளே வெள்ளை, தடித்த கோட்டால் வரைந்த கூடு. இஸ்பேட்டும் கிளாவரும் முழுக்க நிரப்பியவை. கறுப்பு மையில் மட்டும் அச்சாகும் பிரிட்ஜ் பத்திகளில் ♡ ♢ என்று கூடாகவும் ♠ ♣ என்று நிரப்பியும் போடும் வழக்கம் உண்டு, அதே யோசனைதான். நல்லது என்னவென்றால், மேலே சொன்ன இரண்டு குழப்பமும், ஆர்ட்டின் கிளாவர், ஆர்ட்டின் இஸ்பேட், இந்த ஒன்றிலேயே தீர்ந்துபோகும். பழைய சிவப்புக் கட்சி, கறுப்புக் கட்சி என்ற பிரிவும் அப்படியே நிற்கும்.

கோடு மெலிந்தால் காரியம் கெட்டது. நிறம் பூசிய பரப்பு குறையக் குறைய யாருக்குமே நிறம் தெரிவது குறையும், நிறக்குறை உள்ளவருக்கு இன்னும் அதிகமாக. 7 மில்லிமீட்டர் குறிக்கு 1.5 மில்லிமீட்டர் கோடு போடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம்.

பிறகு வடிவங்களையே கொஞ்சம் மிகைப்படுத்துங்கள். ஆர்ட்டினின் மேல் பிளவு, குறியின் உயரத்தில் நாலில் ஒரு பங்காவது இறங்க வேண்டும். டைமனின் நான்கு பக்கங்களும் லேசாக உள்ளே வளையட்டும், முனைகள் கூராகத் தெரியும். இஸ்பேட்டின் காம்பு அடியில் நன்றாக விரிய வேண்டும். கிளாவரின் உருண்டைகளுக்கு நடுவில் வெள்ளை இடுக்கு தெளிவாக விழ வேண்டும். அதற்கு உருண்டைகளைச் சிறிதாக்கித் தள்ளி வையுங்கள், மையத்தில் ஒட்டினால் போதும்.

மூலையில் எண்ணும் குறியும் எந்த அளவில் இருக்கணும்?

63 × 88 மில்லிமீட்டர் சீட்டுக்கு எண் 9 மில்லிமீட்டர் உயரம், அதற்கு நேர் கீழே 7 மில்லிமீட்டர் குறி. எட்டுச் சீட்டை விசிறியாகப் பிடித்தால் ஒவ்வொன்றிலும் தெரிவது 12 முதல் 15 மில்லிமீட்டர் அகலக் கீற்றுதான். ஆகவே எண்ணும் குறியும் விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டரில் தொடங்கி 11 மில்லிமீட்டருக்குள் முடிய வேண்டும். பத்துதான் தகராறு செய்யும், இரண்டு இலக்கம். அதற்கு மட்டும் ஒடுங்கிய எழுத்து போட்டு அதே அகலத்துக்குள் அடக்குங்கள். உயரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

நான்கு மூலையிலும் அச்சடியுங்கள். இரண்டு மூலையில் மட்டும் இருந்தால், விசிறியை மறுபக்கம் விரிக்கும் இடக்கைக்காரருக்குக் குறியே தெரியாது.

சீட்டு ஓரம் முழுக்க அந்த ஜாதி நிறத்தையே பட்டையாக அடித்துவிட்டால் பளிச்சென்று இருக்குமே?

இருக்கும். கட்டைப் பக்கவாட்டில் பார்த்தாலும் தெரியும். நிறம் வெட்டுமுனை வரை போனால் தாளின் விளிம்பில் மை ஒட்டும். குவியலில் மேலே எத்தனை டைமன் இருக்கிறது என்று எதிரில் உட்கார்ந்தவர் எண்ணிவிடலாம். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் வெள்ளை விடுவது கட்டாயம்.

ராஜா, ராணி, ஜாக்கி சீட்டில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏன்?

ஏழாம் எண் சீட்டில் நடுவில் ஏழு குறிகள் உதவிக்கு நிற்கின்றன. படச்சீட்டில் பாதிக்கு ஒரு குறிதான், அதுவும் மகுடத்துக்கும் தோளுக்கும் நடுவே செருகப்பட்டிருக்கும். போதாக்குறைக்கு எந்த ஜாதியானாலும் உடையில் சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் கலந்து கிடக்கும். கண் அந்த நிறங்களைத்தான் முதலில் பிடிக்கும்.

படத்தைச் சாம்பல் கோட்டில் வரையுங்கள். உடைக்கு அந்த ஜாதியின் நிறம் ஒன்று மட்டும். உள்ளே இருக்கும் குறியைப் படத்தோடு ஒட்டாமல் 12 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணியில் வையுங்கள். 304-இல் ஜாக்கிதான் தலைச்சீட்டு என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

குறிக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்து போட்டுவிட்டால் எளிதாகுமா?

வீட்டு ஆட்டத்துக்கு மட்டும் என்றால் போடலாம்: இ, ஆ, ட, கி. ஆனால் மேசையில் மலாய்க்காரரோ சீனரோ உட்காரும் ஊர் இது. அவர்களுக்கு அது வெறும் கோடு. 11 மில்லிமீட்டர் கீற்றில் இன்னோர் உருவத்தைச் செருகினால் எண்ணும் குறியும் சுருங்கும். வடிவத்தைப் பெரிதாக்குவது எல்லோருக்கும் பயன்.

அச்சடிக்க வழியில்லை. பாசார் மாலாமில் வாங்கிய கட்டையே சரிசெய்ய முடியுமா?

ஒரு மெல்லிய முனைக் கறுப்பு அழியா மார்க்கர் போதும். கறுப்பு ஜாதிகளில் மட்டும் கை வையுங்கள். இஸ்பேட்டில் மூலைக் குறிக்குக் கீழே ஒரு கோடு, கிளாவரில் இரண்டு கோடு. கோடே இல்லையென்றால் சிவப்பு ஜாதி, அதில் கூர் முனை டைமன், உருண்டது ஆர்ட்டின். 32 சீட்டுக் கட்டில் 16 சீட்டு, இரண்டு மூலை வீதம் 32 இடம், அரை மணி நேர வேலை.

முதலில் ஜோக்கரில் போட்டுப் பாருங்கள். காகிதச் சீட்டில் மை பின்பக்கம் ஊறினால் அந்த மார்க்கர் ஆகாது. பிளாஸ்டிக் சீட்டில் ஊறாது, ஆனால் காய நேரமெடுக்கும். ஈரமாக அடுக்கினால் மேலே உள்ள சீட்டின் முதுகில் கறை ஒட்டும், அப்புறம் அது அடையாளச் சீட்டு. ஓர் இரவு விரித்துக் காயவிடுங்கள். கை வியர்வையில் தேய்ந்துபோகும், அவ்வப்போது திரும்பப் போட வேண்டும்.

அச்சுக்கடையில் போய் என்ன சொல்வது?

ஏ3 அளவு, 300 கிராம் அட்டை, இரு பக்க அச்சு. ஒரு தாளில் நான்குக்கு நான்கு, 16 சீட்டு. 32 சீட்டுக்கு இரண்டு தாள் கச்சிதமாகப் போதும். சுங்கை சிப்புட்டில் இந்தக் கனத்துக்கு மெஷின் இல்லாவிட்டால் ஈப்போவில் கிடைக்கும். எப்படியும் இரண்டு கட்டாகவே அடியுங்கள். ஒரு சீட்டு தொலைந்து பிறகு தனியாக அடித்தால் நிறமும் தடிப்பும் கொஞ்சம் மாறி, முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நிறத்தை வாயால் சொல்லாமல் மேலே உள்ள CMYK எண்களைக் கொடுங்கள். "சிவப்பு" என்றால் கடைக்காரர் தம் வழக்கமான அடர் சிவப்பைப் போட்டுவிடுவார், ஆரஞ்சுச் சாய்வு போய்விடும். கறுப்புக்கு நான்கு மையும் கலக்காமல் K மட்டும் என்று சொல்லுங்கள். பதிவு சற்று நகர்ந்தாலும் சின்னக் குறியின் ஓரம் மங்காது. முதல் தாளை விளக்குக்கு எதிரே பிடித்து, முதுகு வழியாகக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முதுகில் அடர்த்தியான கட்டம் அச்சடிக்கச் சொல்லுங்கள். பளபள லேமினேஷன் விளக்கொளியில் மின்னிக் குறியை மறைக்கும், மேட் கேளுங்கள்.

அச்சடிக்கும் முன்னாலேயே சோதிக்க வழி உண்டா?

ஆண்ட்ராய்டு கைபேசியில் உண்டு. அமைப்புகளில் `Build number` என்பதை ஏழு முறை தட்டினால் `Developer options` திறக்கும். அதில் `Simulate color space` என்பதில் `Deuteranomaly` பச்சை வகை, `Protanomaly` சிவப்பு வகை, `Monochromacy` நிறமே இல்லாதது. ஒவ்வொன்றையும் போட்டுவிட்டுக் கேமராவைத் திறந்து சீட்டுகளைப் பாருங்கள், திரை முழுதும் மாறித் தெரியும். நிறமே இல்லாத நிலையிலும் நாலு ஜாதியும் பிரிந்தால் உங்கள் வடிவங்கள் தேறிவிட்டன. சில கைபேசிகளில் இந்தப் பகுதி வேறு இடத்தில் இருக்கும், தேடுபெட்டியில் பெயரைத் தட்டினால் வரும்.

இது முதல் சல்லடை மட்டும். ஒவ்வொருவரின் குறையும் ஒவ்வோர் அளவு.

ஆட்களை வைத்து எப்படிச் சோதிப்பது? "உங்களுக்கு நிறம் தெரியுமா" என்று கேட்கச் சங்கடமாக இருக்கு.

கேட்கவே வேண்டாம். பெரியவர் ஒருவரிடம் போய் அப்படிக் கேட்டால் அவர் "எல்லாம் தெரியும் தம்பி" என்றுதான் சொல்வார், பலருக்குத் தங்களுக்குக் குறை இருப்பதே தெரியாது. "அண்ணே, புதுக் கட்டு, ஜாதி பிரிச்சுக் குடுங்க" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கொடுத்துவிடுங்கள்.

ஆடும் இடத்திலேயே, ஆடும் நேரத்து விளக்கில் செய்யுங்கள். 32 சீட்டையும் கலைத்து நான்கு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு எட்டுச் சீட்டை விசிறியாகக் கொடுத்து இடமிருந்து வலமாக ஜாதி சொல்லச் சொல்லுங்கள். கடைசியாக ஒன்றரை மீட்டர் தள்ளி மேசை நடுவில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எத்தனை தவறு என்பதைவிட எது எதுவாக மாறியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டினும் கிளாவரும் மாறினால் நிறம் அல்லது கூடு சரியில்லை. ஆர்ட்டினும் இஸ்பேட்டும் மாறினால் சிவப்பு இருட்டு. இஸ்பேட்டும் கிளாவரும் மாறினால் நிறத்தைத் தொடாதீர்கள், கிளாவரின் இடுக்கைப் பெரிதாக்குங்கள். தவறில்லாமல் முடித்தாலும் ஒரு சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தால் அதையும் எழுதிவையுங்கள், ஆட்டச் சூட்டில் அதுவே தவறாக மாறும்.

பகலில் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். ராத்திரி லயத்து வாசலில் டைமனை இஸ்பேட் என்கிறார்கள், நல்ல கண் உள்ளவர்கூட.

மஞ்சள் பல்பின் வேலை. அந்த வெளிச்சத்தில் நீலக் கதிர் குறைவு, அதனால் நீல மை கறுப்பாக இறங்கிவிடும். டைமன் கூடாகவும் கூர் முனையோடும் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நிரப்பிய டைமன் உள்ள கடைக் கட்டு என்றால் வெள்ளை எல்இடி பல்பாக மாற்றி, ஆடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் மேசைக்கு நேர் மேலே தொங்கவிடுங்கள். பின்னால் இருந்தால் அவர் நிழல் அவர் கைச்சீட்டின் மேலேயே விழும்.